அம்பாங் வீடுகளில் கார்பன் மோனாக்சைட் அலாரம்: எங்கே மாட்டுவது, எப்படிச் சோதிப்பது, எப்போது மாற்றுவது?

கார்பன் மோனாக்சைட் என்றால் குளிர்நாட்டுப் பிரச்சினை என்ற எண்ணம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கும் உண்டு. இங்கே வீட்டுக்குள் கணப்பு மூட்டுவதில்லை, ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கும், பிறகு எதற்கு அலாரம் என்று கேட்கிறார்கள். ஜன்னல் திறந்திருந்த காலத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இன்று அம்பாங், பாண்டான் இண்டா பக்கம் உள்ள தொடர்வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை ஜன்னல்கள் திறந்திருக்கின்றன? ஏர்கோன் போட்டதும் கதவும் ஜன்னலும் சாத்தப்படுகின்றன. அடுப்பங்கரைக்குப் பின்னால் இருந்த திறந்த முற்றத்துக்குக் கூரை போட்டு, அதையும் சமையலறையோடு சேர்த்துவிட்ட வீடுகளும் ஏராளம்.

மூடிய அறை என்ன செய்யும் என்பதற்கு 2020 ஜனவரியில் நேப்பாளத்தின் டாமான் என்ற மலைப்பகுதியில் நடந்ததே போதும். கேரளாவிலிருந்து சுற்றுலா சென்ற 15 பேர் கொண்ட குழு அங்கே ஒரு விடுதியில் தங்கியது. குளிர் தாங்காமல், நான்கு பிள்ளைகள் உட்பட எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். அறைக்குள் எரிவாயு ஹீட்டர் எரிந்தது. கதவும் ஜன்னல்களும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. காலையில் எட்டுப் பேரும் மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு, ஹெலிகாப்டரில் காட்மாண்டு கொண்டுசெல்லப்பட்டும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 2024-இல் கொடைக்கானலிலும் இதே கதைதான். விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்புக் கரி கனன்றுகொண்டிருக்கத் தூங்கிப்போன திருச்சி இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். இந்த இரண்டு அறைகளிலும் தீப்பிடிக்கவில்லை. கண்ணைக் கரிக்கும் புகையோ, எரிவாயு கசியும் நாற்றமோ வந்திருந்தால் யாராவது விழித்திருப்பார்கள்.

கார்பன் மோனாக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கமறச் செய்யும் குணமும் இல்லை. எரிவாயு, கரி, விறகு, பெட்ரோல், டீசல் என்று எது எரிந்தாலும் போதுமான காற்று கிடைக்காதபோது இந்த வாயு கூடுதலாக உண்டாகிறது. மூச்சில் போனதும், இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் எளிதில் இறங்காது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கும். விழித்திருப்பவர் எழுந்து வெளியே போகலாம். தூங்குகிறவர் தூக்கத்திலிருந்து நேராக மயக்கத்துக்குப் போய்விடுவார்.

கோவிட் காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று சொல்பவரின் விரலில் அதை மாட்டிப் பார்த்து, 98 என்று காட்டினால் நிம்மதியடையக் கூடாது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைட் ஏறிய இரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கணக்கெடுக்கும். மருத்துவமனையில் செய்யும் தனி இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

கடையிலும் இணையச் சந்தையிலும் நடக்கும் முதல் குழப்பம் பெயரில்தான். புகை அலாரம் புகையைக் கண்டால் அலறும். கார்பன் மோனாக்சைட்டைக் கண்டுகொள்ளாது. சுவர் பிளக்கில் செருகும் ‘காஸ் டிடெக்டர்’ சமையல் எரிவாயு கசிந்தால் அலறும். அதுவும் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைட்டை அறியாது. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படியும். அதனால் அந்தக் கருவியைத் தரைக்கு அருகில் மாட்டச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைட்டின் எடை ஏறக்குறையக் காற்றின் எடைதான். அது கீழே படிவதில்லை. எரியும் பொருளின் சூடான காற்றோடு முதலில் மேலே ஏறி, பிறகு அறை முழுவதும் கலந்துவிடும். எரிவாயுக் கசிவுக்காகச் சொன்ன உயரத்தில் கார்பன் மோனாக்சைட் அலாரத்தை மாட்டுவது இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் தவறு.

பெட்டியில் பார்க்க வேண்டியது EN 50291 அல்லது UL 2034 என்ற தர எண். முதலாவது ஐரோப்பாவுடையது, இரண்டாவது அமெரிக்காவுடையது. இந்த எண் எதுவும் இல்லாமல், பெரிய திரையில் எண்கள் ஓடும் மலிவுக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. பிரிட்டனின் ‘விச்’ பயனீட்டாளர் அமைப்பு அத்தகைய பெயர் தெரியாத கருவிகள் சிலவற்றை வாங்கிச் சோதித்தபோது, கார்பன் மோனாக்சைட் நிறைந்த சோதனைகளிலும் அவை ஒழுங்காக அலறவில்லை. ஒலிக்காத அலாரம் வீட்டில் இருப்பதைவிட அலாரமே இல்லாமல் இருப்பது மேல். இல்லாதபோது குறைந்தபட்சம் ஆள் எச்சரிக்கையாக இருப்பார்.

ஒரு தொடர்வீட்டை எடுத்துக்கொள்வோம்

அம்பாங்கில் ஓர் இரட்டை மாடித் தொடர்வீடு. கீழே கூடம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் முன்பு திறந்தவெளியாக இருந்த முற்றம். அந்த முற்றத்துச் சுவரில் எரிவாயுவில் ஓடும் சுடுநீர்க் கருவி. திறந்தவெளியில் இருந்தவரை அதன் கழிவுக் காற்று வானத்துக்குப் போனது. பிறகு மழைச்சாரல் அடிக்கிறது என்று கூரை போட்டு, கம்பிக் கதவுக்குப் பதிலாகக் கண்ணாடியும் வைத்தாகிவிட்டது. கருவி அதே சுவரில் அப்படியே இருக்கிறது. இப்போது அது வீட்டுக்குள் எரிகிறது. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் முக்கால் மணி நேரம் தொடர்ந்து எரியும். மாடியில் மூன்று படுக்கையறைகள்.

இந்த வீட்டுக்கு முதல் மருந்து அலாரம் அல்ல. கருவியின் கழிவுக் காற்றைக் குழாய் வழியாக வெளியே விட வேண்டும், அல்லது கருவியை வெளிச்சுவருக்கு மாற்ற வேண்டும். தகுதிபெற்ற எரிவாயுப் பணியாளர் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரையிலும், அதற்குப் பிறகும், குழாயில் அடைப்போ விரிசலோ வந்தால் சொல்வதற்குத்தான் அலாரம்.

முதல் அலாரம் கருவி இருக்கும் அதே இடத்தில். கருவிக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மிக அருகில் வைத்தால், பற்றவைக்கும் நொடியில் வரும் சிறிய அளவுக்கெல்லாம் கருவி பதில் சொல்லத் தொடங்கும். மிகத் தள்ளி வைத்தால் காலம் கடந்து சொல்லும். உட்கூரையில் மாட்டினால் எந்தச் சுவரிலிருந்தும் 30 சென்டிமீட்டராவது விலகி இருக்கட்டும். சுவரில் மாட்டினால் உட்கூரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது கீழே, ஆனால் கதவு, ஜன்னல் ஆகியவற்றின் மேல்விளிம்பைவிட உயரமாக. சுவரும் உட்கூரையும் சேரும் மூலையில் காற்று அசையாமல் தேங்கும். அங்கே மாட்டிய கருவிக்குச் செய்தி கடைசியாகத்தான் போகும்.

இரண்டாவது அலாரம் மாடிப்படி ஏறியதும் படுக்கையறைகளுக்கு வெளியே இருக்கும் நடையில். சூடான காற்று படிக்கட்டு வழியாக ஏறும் பாதை அது. ஒரே ஓர் அலாரம் வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால் எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். அமெரிக்க விதிகள் தூங்கும் இடத்துக்கு வெளியே வைப்பதை முதலில் சொல்கின்றன. பிரிட்டனில் எரியும் கருவி உள்ள அறைக்கு முதலிடம். அம்பாங் வீட்டுக்கு மாடி நடைதான் பொருத்தம் என்று சொல்லலாம். பின்கட்டில் அலறும் அலாரம், ஏர்கோன் ஓசையோடு மூடிய அறைக்குள் தூங்குகிறவர் காதில் விழுமா என்பது சந்தேகம். படுக்கையறைக்கு உள்ளேயே வைப்பதானால் தலையணையில் படுத்திருக்கும்போது மூக்கு இருக்கும் உயரம் பொருத்தமானது. கட்டிலுக்குப் பின்னாலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ ஒளிக்க வேண்டாம்.

மாட்டக் கூடாத இடங்களும் உண்டு. குளியலறையின் நீராவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் தெறிக்கும் ஈரம், தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை உணரியைக் கெடுக்கும். காற்றாடிக்கும் புகை உறிஞ்சும் விசிறிக்கும் ஏர்கோனுக்கும் நேராக வைத்தால், சுத்தக் காற்று வந்து உண்மை அளவை மறைத்துவிடும். தோட்டப்புற வீடுகளிலும் பழைய பலகை வீடுகளிலும் இன்னொரு தொல்லை. உட்கூரை இல்லாத தகரக் கூரைக்கு அடியில் மதிய நேரத்தில் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். பெரும்பாலான அலாரங்கள் தாங்கும் எல்லை அதுதான். அங்கே கூரையை விட்டுவிட்டு, உள்சுவரில் தலை உயரத்தில் மாட்டுவதே சரி.

உடனே அலறாதது பழுதல்ல

அலாரம் வாங்கியவுடன் பலர் செய்யும் சோதனை, கனலும் கரித்துண்டையோ சாம்பிராணித் தட்டையோ அடியில் காட்டுவது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். கார்பன் மோனாக்சைட் அலாரம் புகை அலாரம் போலப் பட்டென்று அலறும்படி செய்யப்பட்டதல்ல. உடலில் அந்த வாயு எவ்வளவு சேரும் என்பதைப் பின்பற்றி, அளவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பியத் தரப்படி, காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு கார்பன் மோனாக்சைட் இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அலற வேண்டும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள். டாமான் அறையில் ஹீட்டர் இரவெல்லாம் எரிந்தது. முறையான அலாரம் ஒன்று அந்தச் சுவரில் இருந்திருந்தால், அளவு ஏற ஏற அதன் பொறுமை நிமிடக் கணக்காகக் குறைந்திருக்கும்.

கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறையாவது அழுத்த வேண்டும். தயாரிப்பாளர் வாரம் ஒரு முறை என்று எழுதியிருந்தால் அதன்படி. ஆனால் அந்தப் பொத்தான் எதைச் சோதிக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பேட்டரி, மின்சுற்று, ஒலிப்பான் ஆகியவை உயிரோடு இருப்பதை அது காட்டும். உணரி உண்மையில் வாயுவை அறிகிறதா என்பதைப் பெரும்பாலான கருவிகளில் அது காட்டாது. அதற்கென்று அளவிட்ட வாயு அடைத்த சிறு தெளிப்பான்கள் விற்கப்படுகின்றன; விடுதிகளும் கட்டட நிர்வாகங்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். கார் புகைக்குழாயில் காட்டுவது, ஊதுவத்திப் புகை காட்டுவது எல்லாம் சோதனை ஆகாது. அளவு தெரியாத வாயுவோடு கரியும் சேர்ந்து போய் உணரியைப் பாழாக்கும்.

பொத்தான் சோதனையை வேறொரு விதத்தில் பயனுள்ளதாக்க முடியும். இரவில், எல்லா அறைக் கதவுகளையும் சாத்தி, ஏர்கோனைப் போட்டு, வீட்டார் அவரவர் கட்டிலில் படுத்திருக்க, ஒருவர் மட்டும் போய்ப் பொத்தானை அழுத்தட்டும். தாத்தா பாட்டி அறையில் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் அந்த அறைக்குத் தனி அலாரம் தேவை, அல்லது ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும்படி இணைக்கப்பட்ட வகை தேவை.

பொய்யாக அலறுவதாகச் சொல்லப்படும் பல அலாரங்கள் பொய் சொல்வதில்லை. கூடத்தில் கணபதி ஹோமம் நடக்கும்போதோ, குளிப்பாட்டிய குழந்தைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரித் தணலில் சாம்பிராணி போடும்போதோ அது ஒலித்தால், அந்த அறையில் உண்மையிலேயே கார்பன் மோனாக்சைட் ஏறியிருக்கிறது என்று பொருள். கதவைத் திறந்து, தணலை வெளியே எடுக்க வேண்டும். உண்மையான பொய் அலாரமும் உண்டு. மின்தடைக்காக வைத்திருக்கும் பெரிய பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதை உணரி கார்பன் மோனாக்சைட் என்று தவறாகப் படிக்கலாம். தின்னர், சாயம், முடிக்கு அடிக்கும் ஸ்பிரே ஆகியவையும் குழப்பும். தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது அலாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு, நெடி போனதும் மறக்காமல் பழைய இடத்தில் மாட்டுவது உணரிக்கு நல்லது.

காலாவதியாகும் கருவி

அலாரத்துக்குள் இருப்பது ஒரு சிறிய மின்வேதி உணரி. பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். வகையைப் பொறுத்து 5, 7 அல்லது 10 ஆண்டுகள்தான் அதன் ஆயுள். பேட்டரியை மாற்றினால் ஆயுள் நீளாது. கருவியின் பின்புறத்திலோ பக்கத்திலோ எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் மூன்று ஆண்டு தூங்கிய 7 ஆண்டுக் கருவியில் மிஞ்சியது அவ்வளவு இல்லை. மாட்டிய தேதியை அழியாத மையில் கருவியின் முகப்பிலேயே எழுதி வைப்பது சில வீடுகளில் வழக்கம். ஏணி போட்டு ஏறிக் கழற்றிப் பார்க்கும் வேலை மிச்சம்.

நிமிடத்துக்கு ஒரு முறை ‘கீச்’ என்று ஒலிப்பது பெரும்பாலும் பேட்டரி குறைந்ததன் அடையாளம். புதுப் பேட்டரி போட்ட பிறகும் அது நிற்காவிட்டால் உணரியின் காலம் முடிந்திருக்கலாம். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், நள்ளிரவில் தேட வேண்டியதில்லை. கீச்சுச் சத்தம் எரிச்சலூட்டுகிறது என்று பேட்டரியைப் பிடுங்கி மேசைக்குள் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. பேட்டரி மாற்ற முடியாதபடி ஆயுள் முழுமைக்கும் அடைத்து விற்கப்படும் வகை சற்று விலை கூடுதலானாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கலாம்.

யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை

மின்சாரச் சுடுநீர்க் கருவியும், ஜன்னல் உள்ள சமையலறையில் நீலச் சுடருடன் எரியும் எரிவாயு அடுப்பும் மட்டுமே உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு இது அவசரச் செலவு அல்ல. அடுப்புச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் முதலில் அடுப்பைச் சரிபார்க்க வேண்டும். எரிவாயுச் சுடுநீர்க் கருவி கூரைக்கடியில் உள்ள வீடு, கரி அடுப்போ தந்தூரியோ எரியும் உணவகத்துக்கு மேல் தொழிலாளர்கள் தூங்கும் கடைவீடு, பட்டறைக்கு மேல் உள்ள குடியிருப்பு ஆகியவைதான் முன்வரிசையில் வருகின்றன. கடைவீட்டு மாடியில் படுப்பவருக்குக் கீழே என்ன எரிகிறது என்பதே தெரியாது.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், நிலையான எரிபொருள் கருவி உள்ள வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்சைட் அலாரம் வைப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. எரிவாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு. தொழிலாளர் விடுதி நடத்துவோரும் கேமரன் மலையில் ஹோம்ஸ்டே நடத்துவோரும் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். மலைக்குச் சுற்றுலா போகும் குடும்பம், பேட்டரியில் ஓடும் ஓர் அலாரத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் அறையின் மேசை மீது வைத்துவிட்டுத் தூங்கலாம். உள்ளே கரி அடுப்பைக் கொண்டுவருவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

இன்னொன்று வெள்ளக்காலம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் அம்பாங்கை ஒட்டிய உலு லங்காட்டும் மூழ்கியபோது, மின்சாரமில்லாத இருட்டை மக்கள் நாள்கணக்கில் கண்டார்கள். அத்தகைய நாள்களில் வாடகைக்கு வரும் ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து அஞ்சடியிலோ பின்கட்டிலோ வைக்கத் தோன்றும். அது கதவு ஜன்னல்களிலிருந்து 6 மீட்டருக்கு மேல் தள்ளித் திறந்தவெளியில்தான் ஓட வேண்டும். அந்த நாள்களில் வீட்டு அலாரத்துக்குப் பேட்டரி இருப்பது முக்கியம். சுவர் பிளக்கை மட்டும் நம்பும் வகை மின்தடையில் ஊமையாகிவிடும்.

அலாரம் ஒலித்தால், காரணம் தேடிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றக் கூடாது. எல்லாரையும் எழுப்பி, போகிற வழியில் உள்ள கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து தலை எண்ணி, 999-ஐ அழைத்து கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒலிக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தீயணைப்பு மீட்புப் படை வந்து அளந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. வெளியே வந்ததும் காற்று பட்டு அலாரமும் தலைவலியும் அடங்கிவிடலாம். அடங்கினாலும், தலை சுற்றியவர், கர்ப்பிணி, இதய நோயாளி ஆகியோரை அம்பாங் மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், வீட்டில் கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒலித்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலியாகவே அது எழுதிக்கொள்ளப்படலாம்.